பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக்: குளியலறைக் குழாய்களின் எர்த் பற்றி அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மற்ற நகரங்களிலும் உள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நாங்கள் மின்பணியும் குழாய்ப்பணியும் செய்பவர்கள். 2000-க்கு முன் கட்டிய கட்டடங்களில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜீஐ பைப்தான் ஓடுகிறது. அது துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொள்கிறார். ஒழுகல் நின்றுவிடுகிறது, தண்ணீரும் சுத்தமாக வருகிறது. ஆனால் அந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்கால் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் மின்சார வகையில் என்ன மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை. பிளம்பருக்கு அது தன் வேலை இல்லை. எலக்ட்ரீஷியனை யாரும் கூப்பிடுவதே இல்லை. ஷாஃப்ட்டில் ஓடும் பொதுக் குழாய் தனி வீட்டுச் சொத்தும் இல்லை. அதனால்தான் இந்த மடலை வீட்டுக்காரர்களுக்கு எழுதாமல் சங்கத்துக்கு எழுதுகிறோம்.

ஒரு கட்டடத்தை வைத்தே சொல்கிறோம். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும் உள்ள கட்டடம் அது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒன்றேகால் அங்குல ஜீஐ பைப் ஷாஃப்ட் வழியாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து முக்கால் அங்குலக் கிளை பிரிந்து, குளியலறைக்குள் அரை அங்குலமாகப் போகிறது. தரைத்தளத்தில் அதே லைன் தோட்டத்துக் குழாய் வரை சில மீட்டர் மண்ணுக்குள் புதைந்து ஓடுகிறது. இரண்டாம் மாடி வீட்டில் கீசர் பாயின்ட்டுக்கு எர்த் ஒயர் இழுக்கவே இல்லை. என்றோ வேலை பார்த்தவர் கீசரின் எர்த்தை ஒரு கம்பியால் பக்கத்து ஜீஐ பைப்பில் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். பழைய கட்டடங்களில் இது சர்வசாதாரணம். பைப் மண்ணுக்குள் போவதால் அதுவும் ஓர் எர்த் போலவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்தக் கீசரின் ஹீட்டிங் எலிமென்ட்டில் மெல்லிய விரிசல் விழுகிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு எலிமென்ட் மேல் படிந்து, உறை சூடேறி வெடிப்பது இங்கே அடிக்கடி நடப்பது. விரிசல் வழியாக மின்சாரம் கசிகிறது. அந்தக் கசிவுப் பாதையின் தடை 2,000 ஓம் என்றும், பைப் மண்ணைத் தொடும் இடத்தின் தடை 10 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 2,010 ஓமால் வகுத்தால் சுமார் 115 மில்லி ஆம்பியர் மண்ணுக்கு ஓடும். பைப் மேல் நிற்கும் வோல்டேஜ் சற்றேறக்குறைய ஒரு வோல்ட்தான். குளிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த வீட்டில் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உடனே ட்ரிப் ஆகி, கீசரில் கோளாறு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்ததாக முதல் மாடி வீட்டில் மராமத்து நடக்கிறது. ஷாஃப்ட்டில் தம் தளத்துக்கான மூன்று மீட்டர் ஜீஐ பைப்பை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனையிலும் பித்தளை மரை வைத்த அடாப்டர் போட்டு, நடுவில் சிபிவிசி மாட்டுகிறார்கள். பிளம்பிங் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, மொட்டைமாடி மூன்றிலும் உள்ள ஜீஐ பைப் முழுவதும் மண்ணிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. சுவருக்குள் அந்தப் பைப் கான்கிரீட்டின் இரும்புக் கம்பியை எங்கும் தொடவில்லை என்று வைத்துக்கொண்டால், மண்ணுக்குப் போக மிஞ்சியிருக்கும் வழி குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்தானே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு கடத்தும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டிடிஎஸ் 1,000 உள்ள போர்வெல் தண்ணீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 1,500 மைக்ரோ சீமென்ஸ். அந்தத் தண்ணீர் 30 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நின்றால், ஒரு மீட்டருக்குத் தடை சுமார் 9,400 ஓம் வரும். மூன்று மீட்டருக்கு 28,000 ஓம். அங்கே முன்பு இருந்த ஜீஐ பைப்பின் உலோகம் மூன்று மீட்டருக்கு ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான் தடை தந்துகொண்டிருந்தது.

கீசரின் விரிசல் அதே விரிசல்தான். இப்போது 230 வோல்ட் 2,000 ஓமுக்கும் 28,000 ஓமுக்கும் இடையே பங்கு பிரிகிறது. பைப் மேல் சுமார் 215 வோல்ட் நிற்கிறது. ஓடும் மின்சாரமோ 8 மில்லி ஆம்பியர்கூட இல்லை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் மட்டும் விழும் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தாலும் ட்ரிப் ஆகாது. எந்த விளக்கும் அணையாது, எந்தச் சுவிட்ச்சும் விழாது. நேற்று வரை ஒரு வோல்ட்டில் இருந்த ஷவர் பைப் இன்று 215 வோல்ட்டில் காத்திருக்கிறது. ஈரத்தரையில் நின்று ஒருவர் அதைத் தொட்டால், உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், அவர் வழியாக ஏறத்தாழ 75 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு நொடி நீடித்தாலே இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடிய அளவு அது.

இந்த இடத்தில் பலருக்கும் வரும் கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதே? அது காப்பாற்றாதா? மூன்றாம் மாடிக்காரர் வீட்டில் இருக்கட்டும். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றைத்தான். தன் வழியாக வெளியே போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்பதே அது. மூன்றாம் மாடிக்காரரின் உடம்பில் ஓடும் மின்சாரம் இரண்டாம் மாடியின் மீட்டரிலிருந்து கிளம்பியது. அது மூன்றாம் மாடியின் ஆர்சிசிபிக்குள் நுழையவே இல்லை. ஆகவே அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. கோளாறு உள்ள வீட்டில் ஆர்சிசிபி இருந்தால், ஒருவர் தொட்டு ஷாக் அடித்த பிறகு அது துண்டிக்கும். அந்த வீட்டில் இல்லையென்றால் யார் வீட்டில் என்ன இருந்தும் பயனில்லை. வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. ஆனாலும் பழைய கட்டடங்களில் அது இல்லாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒரே பைப்பைப் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில், எல்லா வீட்டிலும் ஆர்சிசிபி இருந்தால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் பாதுகாப்பு.

இதே காரணத்தால் ஓர் அடையாளமும் கிடைக்கிறது. ஷவரில் ஷாக் அடிக்கிறது என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மெயின் ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் அடிக்கிறதா என்பதைத்தான். அணைத்த பிறகும் அடித்தால் கோளாறு அவர் வீட்டில் இல்லை, பைப் வழியாக வேறெங்கிருந்தோ வருகிறது. அந்த வீட்டுக் கீசரை மாற்றுவதிலும் ஒயரிங்கைப் பிரித்துப் போடுவதிலும் காசைக் கொட்டுவது வீண். அன்றே சங்கத்துக்குச் சொல்லி, அந்த ஷாஃப்ட்டில் இருக்கும் எல்லா வீடுகளின் கீசரையும் வாஷிங் மெஷினையும் பொது மோட்டாரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்ததும் பைப்பில் வோல்டேஜ் விழுகிறதோ அதுவே மூலம். அது கிடைக்கும் வரை அந்த லைனில் யாரும் குளிக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளியலறை முழுக்க சிபிவிசி போட்டுவிட்டேன், எனக்கு இனி பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு இது. அரை அங்குல சிபிவிசியின் உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். அதே போர்வெல் தண்ணீர் அதில் ஒரு மீட்டர் நின்றால் தடை ஏறத்தாழ 60,000 ஓம். ஷாஃப்ட்டில் உள்ள ஜீஐ பைப்பில் 230 வோல்ட் நின்று, அதிலிருந்து மிக்சர் குழாய் வரை ஒரு மீட்டர் சிபிவிசி இருந்தால், தொடுபவர் வழியாக 4 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். சுரீர் என்று இருக்கும், கையை எடுத்துவிடலாம். அந்தச் சிபிவிசி 30 சென்டிமீட்டர்தான் என்றால் தடை 18,000 ஓம், ஓடுவது 12 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமல் போகலாம். ஆர்சிசிபிக்கோ 12 போதாது. ஆக, குட்டையான பிளாஸ்டிக் துண்டு என்பது எர்த்தைக் கெடுக்கும் அளவுக்கு நீளமாகவும், மனிதனைக் காக்கும் அளவுக்கு நீளமில்லாமலும் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் தண்ணீரின் உப்பு இன்னும் அதிகமென்றால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். டிடிஎஸ் இரட்டித்தால் தடை ஏறத்தாழ பாதியாகும்.

சரி, என்ன செய்வது? எர்த்திங், பாண்டிங் என்று இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. எர்த்திங் என்பது கீசர், மோட்டார், வாஷிங் மெஷின் போன்ற மின்கருவியின் உலோக உடலை எர்த் ஒயர் மூலம், எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையான எர்த் பாருக்குக் கொண்டுபோவது. கோளாறு வந்தால் மின்சாரம் அந்த ஒயர் வழியே தாராளமாக ஓடி, பாதுகாப்புக் கருவியை ட்ரிப் ஆக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. பாண்டிங் என்பது மின்கருவி அல்லாத உலோகங்களை, அதாவது குழாய்களை, அதே எர்த் பாரோடு பிணைப்பது. ஒருவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எல்லா உலோகமும் ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வரக் கூடாது என்பதுதான் அதன் வேலை. பைப்பை எர்த் ஆகப் பயன்படுத்துவது இந்த இரண்டிலும் சேராது. வீட்டு ஒயரிங்குக்கான சர்வதேசத் தரநூல் ஐஇசி 60364 தண்ணீர்க் குழாயை எர்த் கடத்தியாகப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. ஏன் என்பதை மேலே சொன்ன கட்டடமே காட்டிவிட்டது. குழாயை எந்த நாளும் எந்தப் பிளம்பரும் வெட்டலாம்.

அதனால் முதல் வேலை, பைப்பில் சுற்றியிருக்கும் கீசர் எர்த்துகளை எல்லாம் ஒழிப்பது. ஒவ்வொரு கீசர் பாயின்ட்டுக்கும் வீட்டின் மின்பங்கீட்டுப் பெட்டியான டிபியின் எர்த் பாரிலிருந்து தனி எர்த் ஒயர் வர வேண்டும். சுவரை உடைக்க மனமில்லை என்றால் மேலோட்டமாக கேசிங்கில் கொண்டுவரலாம். அழகு குறையும், ஆனால் வேறு வழியில்லை. வீட்டு எர்த் பார்கள் எல்லாம் மீட்டர் பேனலில் ஒரே பொது எர்த் பாரில் சேர்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். தனியாக எர்த் பிட் போட்டுக்கொண்ட வீடு இருந்தால் அதையும் பொதுப் பாரோடு இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எர்த்துகளுக்கு இடையே கோளாறு நேரத்தில் வோல்டேஜ் வித்தியாசம் வரும். நியூட்ரலை மட்டும் எக்காரணம் கொண்டும் பைப்பிலோ வீட்டு எர்த்திலோ சேர்க்காதீர்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் கட்டடத்துக் குழாய் முழுவதும் உயிர்பெற்றுவிடும்.

இரண்டாவது வேலை, மிஞ்சியிருக்கும் ஜீஐ துண்டுகளைப் பிணைப்பது. வெட்டிய இடத்துக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டு நடுவில் ஒரு ஒயரால் தாண்டிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதுவும் செல்லும். ஆனால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்போது பைப்பின் மிச்சப் பகுதியை மறுபடியும் நம்பியாகிறது, அடுத்த வருடம் வேறொரு வீட்டுக்காரர் வேறொரு இடத்தில் வெட்டினால் கதை திரும்பவும் தொடங்கும். அதைவிட, மீட்டர் பேனலின் எர்த் பாரிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் தாமிர ஒயரை ஷாஃப்ட் வழியாக மொட்டைமாடி வரை ஒரே ஓட்டமாகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தளத்திலும் அதை அறுக்காமல், தோலை மட்டும் உரித்து, கிரிம்ப் கனெக்டர் வைத்து, அந்தத் தளத்தின் ஜீஐ துண்டுக்கு ஒரு கிளை கொடுங்கள். அதன்பிறகு யார் எங்கே வெட்டினாலும் மற்றத் துண்டுகளின் பிணைப்பு போகாது. மூன்று மாடிக் கட்டடத்தின் ஒரு ஷாஃப்ட்டுக்குப் பேனல் வரைக்குமான தூரத்தையும் சேர்த்து 25 மீட்டர் ஒயர் போதும். பழைய கட்டடங்களில் கழிவுக்குக் காஸ்ட் அயர்ன் பைப் இருந்தால் அது நேராக மண்ணுக்குள் போவதால் அதற்கும் ஒரு கிளை வேண்டும்.

குளியலறைக்குள் இன்னும் ஜீஐ கிளை ஓடும் வீடுகளில், சுடுதண்ணீர் லைன், பச்சைத்தண்ணீர் லைன், கீசரின் எர்த் மூன்றையும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரால் ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். ஐந்து மீட்டர் நீளமென்றாலும் அந்த ஒயரின் தடை 0.023 ஓம்தான். கீசருக்கும் சுவருக்கும் இடையே மாட்டும் பின்னல் ஹோஸை உலோகத் தொடர்ச்சியாக எண்ணாதீர்கள். வெளியே ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர், முனையில் வாஷர். இன்று தொடர்ச்சி காட்டும், நாளை காட்டாது. ரப்பர் வாஷர் உள்ள யூனியனும் வாட்டர் மீட்டரும்கூட அப்படித்தான். டெஃப்லான் டேப் சுற்றிய மரை மூட்டில் பெரும்பாலும் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும், ஆனால் பெரும்பாலும் என்பதை வைத்து உயிரைப் பணயம் வைக்க முடியாது.

கிளாம்ப் போடுவதில்தான் வேலை நிலைக்கும் அல்லது கெடும். பைப்பின் பெயின்ட்டையும் துருவையும் எமரி தாளால் தேய்த்து, ஒரு கிளாம்ப் அகலத்துக்கு உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். வெள்ளீயம் பூசிய தாமிரம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எர்த் கிளாம்ப்பை வையுங்கள். வெறும் தாமிரக் கம்பியை ஜீஐ மேல் நேராகச் சுற்றினால், ஈரம் பட்டதும் துத்தநாகப் பூச்சு அந்த இடத்தில் அரிக்கப்பட்டு, மூட்டுக்கு அடியில் துரு ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி அப்படியே சுற்றியிருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது. கட்டுக்கம்பியும் வேண்டாம், அலுமினிய ஒயரும் வேண்டாம். ஒயர் முனையில் ரிங் லக் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிடுங்கள். கிளாம்ப் டைல்ஸுக்குப் பின்னால் புதையக் கூடாது. கையெட்டும் இடத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் "எர்த் இணைப்பு, கழற்றாதீர்" என்று அழியாத மையில் எழுதிய சிறு தகட்டைத் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் பெயின்டர் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எதைப் பிணைக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். பாண்டிங் நல்லதுதானே என்று எல்லா உலோகத்துக்கும் ஒயர் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நீளமான சிபிவிசி லைனின் கடைசியில் தனியாக இருக்கும் பித்தளை டேப், டவல் கம்பி, நஹானி ட்ராப்பின் ஸ்டீல் மூடி, கதவின் கைப்பிடி இவையெல்லாம் வெளியிலிருந்து எந்த வோல்டேஜையும் கொண்டுவர வழியில்லாதவை. அவற்றை எர்த்தோடு சேர்த்தால் நன்மை இல்லை, கெடுதல் உண்டு. கோளாறான ஹேர் டிரையரை ஒரு கையில் பிடித்தவர் மறுகையால் அந்த டேப்பைத் தொட்டால், எர்த்தான டேப் அவர் உடம்பு வழியாக மின்சாரத்துக்கு நல்ல பாதை போட்டுக்கொடுக்கும். தனியாக மிதந்திருந்தால் அந்தப் பாதை இருந்திருக்காது.

எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், அளந்தே முடிவு செய்யலாம். பெரிய தடைகளை அளக்கும் மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து, அந்த உலோகத்துக்கும் வீட்டு எர்த் முனைக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட பாண்டிங் ஒயர் ஏதாவது இருந்தால் அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றி வையுங்கள். 230 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடவிடாத தடை 23,000 ஓம், அதுதான் எல்லைக்கோடு. குழாயில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது அளந்தாலும் இந்த அளவுக்கு மேல் தாராளமாகக் காட்டினால் அந்த உலோகத்தை அப்படியே விட்டுவிடலாம். குறைவாகக் காட்டினால் அது வெளியுலகத்தோடு தொடர்புள்ளது, பிணைத்தே ஆக வேண்டும். தண்ணீரோடும் ஒருமுறை, லைனை வடித்துவிட்டும் ஒருமுறை அளந்தால், தொடர்பு தண்ணீர் வழியா, சுவருக்குள் இரும்புக் கம்பியையோ கான்கிரீட்டையோ தொடும் உலோகம் வழியா என்பதும் தெரிந்துவிடும். எங்கள் அனுபவத்தில் புதைந்திருக்கும் பழைய ஜீஐ முனைகள் பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. குழாயின் வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவெடுத்தால் இவை தப்பிவிடும்.

போட்ட பாண்டிங் நன்றாக இருக்கிறதா என்பதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். எர்த் பாரிலிருந்து ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் சிறு தடைகளை அளக்கும் மீட்டரால் அளந்து பாருங்கள். கிளாம்ப்பில் முனையை வைக்காமல், பக்கத்தில் சுரண்டிய பைப்பின் மேலேயே வையுங்கள். அப்போதுதான் மூட்டும் அளவில் சேரும். சாதாரண மல்டிமீட்டரின் லீடுகளே அரை ஓம் வரை காட்டலாம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒயரின் தடை நீளத்துக்கேற்ப ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருக்கும். அதைவிடக் கணிசமாக ஏறினால் மூட்டைத் திரும்பப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

டெஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. பைப்பில் டெஸ்டர் எரிகிறது என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நியான் டெஸ்டர் மிகச்சிறு மின்சாரத்திலேயே எரிந்துவிடும். மண்ணிலிருந்து துண்டிக்கப்பட்ட நீளமான பைப் பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் தூண்டலாலேயே மல்டிமீட்டரில் 40, 60 வோல்ட் என்று காட்டும். அது ஆளைக் கொல்லும் வோல்டேஜா, வெறும் தூண்டலா என்று பிரித்தறிய, எர்த் பாரிலிருந்து நீட்டிய ஒயருக்கும் பைப்புக்கும் இடையே மீட்டரை வைத்து அளந்தபடியே, அதற்கு இணையாக ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பையும் வையுங்கள். தூண்டல் என்றால் பல்பு எரியாது, மீட்டரும் உடனே சரிந்து சுழியத்துக்கு வந்துவிடும். பல்பு எரியாவிட்டாலும் மீட்டர் முழுதாக விழாமல் சில வோல்ட் நின்றால், எங்கோ உண்மையான கசிவு இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பிளம்பர்களுக்காக ஒன்று. ஜீஐ பைப்பை வெட்டும்போதோ யூனியனைக் கழற்றும்போதோ, ஒரு கையில் ஒரு முனையும் மறு கையில் மறு முனையுமாகப் பிடித்திருப்பவர் அவர்தான். அதுவரை பைப் வழியாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கசிவு மின்சாரம், வெட்டிய நொடியில் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே பாயத் தயாராக இருக்கும். அந்த வீட்டு மெயினை அணைத்தாலும் போதாது, கசிவு வேறு வீட்டிலிருந்து வரலாம். வெட்டப்போகும் இடத்துக்கு இருபுறமும் சுத்தம் செய்து, கார் பேட்டரி ஜம்பர் போன்ற கனமான கிளிப் ஒயரை மாட்டிவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும். புதிய குழாய் மாட்டி, இருபுறத் துண்டுகளும் பாண்டிங் ஒயரோடு சேர்ந்த பிறகே அந்த ஜம்பரைக் கழற்ற வேண்டும். இந்த ஒயர் ஒன்று சங்கத்தின் ஸ்டோர் ரூமில் இருக்கட்டும். ஷாஃப்ட் சாவியோடு சேர்த்தே அதையும் பிளம்பரிடம் கொடுங்கள்.

சங்கத்தின் கூட்டத்தில் நீங்கள் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஷாஃப்ட்டில் எந்தத் தளத்தில் எத்தனை அடி பிளாஸ்டிக், எங்கே ஜீஐ என்று ஒரு தாளில் வரைந்து, பேனல் அறையில் ஒட்டுங்கள். பொது லைனை வெட்டுவதற்கு முன் சங்கத்திடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலை முடிந்ததும் பாண்டிங் அளவு எடுத்துக் காட்ட வேண்டும் என்று மராமத்து விதியில் சேர்த்துவிடுங்கள். எல்லா வீட்டிலும் பொது மோட்டார் லைனிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை மாதத்துக்கு ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். பாண்டிங் அளவுகளை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த பிறகு எடுங்கள். ஷாஃப்ட் ஈரத்தில் மூட்டு அரித்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

தொட்டியிலிருந்து கடைசி டேப் வரை ஜீஐயோ காஸ்ட் அயர்னோ துளியும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்ட கட்டடங்களுக்கு, குழாய் சம்பந்தப்பட்ட இந்தப் பாண்டிங் தேவையில்லை. கீசர் எர்த்தும் ஆர்சிசிபியும் அங்கேயும் தேவைதான். பாதியில் நிற்கும் கட்டடங்களுக்குத்தான் இந்த மடல். மீதி ஜீஐயை இந்த வருடமே மாற்றப் பணம் போதவில்லை என்றால், அதற்கு முன்பாக 25 மீட்டர் ஒயரையும் தளத்துக்கு ஒரு கிளாம்ப்பையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மின்பணியும் குழாய்ப்பணியும் செய்வோர் சிலர்,
சென்னை